சோடாபுட்டி கண்ணாடி: எழுத்து தெரிந்தது, வாசற்படி தெரியவில்லை

1990களுக்கு முன்பு கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களை எங்கள் பக்கத்தில் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். நடுவில் தடித்துப் புடைத்த கண்ணாடி, அதற்குப் பின்னால் இயல்பைவிடப் பெரிதாக விழித்துப் பார்க்கும் கண்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் சோடாபுட்டி கண்ணாடி. அவர்களைப் பற்றி வீடுகளில் ஒரே பேச்சுதான் அடிபடும்: "ஆபரேஷன் பண்ணியும் தடுமாறுறாங்க, வயசாயிருச்சுல்ல." மருத்துவமனையில் பார்வைப் பலகையின் கீழ்வரிசை எழுத்தை வாசித்தவர், வீட்டு வாசற்படியில் கால் இடறினார். டம்ளர் இருக்கும் இடம் தெரிந்தும் தண்ணீரை வெளியே ஊற்றினார். பக்கத்தில் வந்து நின்ற பேரனைத் திடீரென்று பார்த்துத் திடுக்கிட்டார்.

இதில் வயதுக்குப் பெரிய பங்கு இல்லை. ஆபரேஷன் செய்தவர்களின் கையிலும் பெரும்பாலும் குறை இல்லை. கண்ணுக்கு உள்ளே இருக்க வேண்டிய லென்ஸை எடுத்துவிட்டு, அதன் வேலையைக் கண்ணுக்கு வெளியே, ஒரு விரல் அகலம் தள்ளி மாட்டிய கண்ணாடியிடம் கொடுத்ததால் வந்த வினை அது. அந்த ஒரு விரல் இடைவெளி என்னென்ன செய்தது என்று பார்த்தால், அந்தத் தடுமாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கோடு காரணம் கிடைக்கிறது.

அன்றைய ஆபரேஷனில், புரை விழுந்த லென்ஸை அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையோடு முழுசாக வெளியே எடுப்பார்கள். 1960களிலிருந்து, உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிய ஒரு கோலின் முனையை லென்ஸில் ஒட்டவைத்து அப்படியே இழுத்தெடுக்கும் முறை பரவியது. கருவிழியின் ஓரத்தில் அரைவட்டத்துக்கு அறுத்து, எடுத்தபின் தையல் போடுவார்கள். எடுத்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. உறையே போய்விட்டதால், இன்று வைப்பதுபோல் செயற்கை லென்ஸை உட்காரவைக்க அங்கே மேடையும் இல்லை.

கண்ணில் ஒளியை வளைத்துக் குவிப்பவை இரண்டு. முன்னால் இருக்கும் கருவிழி சுமார் 43 டயாப்டர் பவர் கொண்டது. மீதியை உள்ளே இருக்கும் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. முன்னிருந்து பின்னுக்கு 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சராசரிக் கண்ணை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் இல்லாத அந்தக் கண்ணில் தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் சரியாகக் குவிய வேண்டுமானால், கருவிழி இருக்கும் இடத்திலேயே கிட்டத்தட்ட 55.7 டயாப்டர் தேவை. கையில் இருப்பது 43. பற்றாக்குறை 12.7. இதைக் கருவிழிமேலேயே ஒட்டிய லென்ஸால் ஈடுகட்டினால் 12.7 பவரே போடவேண்டும். மூக்கின்மேல் உட்காரும் கண்ணாடியோ கருவிழியிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. குவிக்கும் லென்ஸைக் கண்ணைவிட்டு முன்னால் நகர்த்த நகர்த்த அதன் பலன் கூடும் என்பதால், அங்கே 11 பவர் போதும். முகாம்களில் பெரும்பாலானோருக்கு +10, +11 என்ற ஒரே மாதிரிக் கண்ணாடி போனதன் கணக்கு இதுதான்.

சிறுவயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் நீளமாக இருக்கும். அந்த நீளம் 31 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால், கருவிழியின் 43 டயாப்டரே தொலைவுப் பார்வைக்குப் போதும். ஆயுள் முழுக்கத் தடித்த மைனஸ் கண்ணாடி போட்ட ஒருவர் புரை ஆபரேஷனுக்குப் பிறகு தெருவைக் கண்ணாடியில்லாமல் பார்ப்பது அப்படித்தான் நடந்தது. ஊரார் அதிசயம் என்று பேசிக்கொண்ட சில கதைகளுக்குப் பின்னால் இந்த நீளக் கணக்குத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கண்ணுக்கு வெளியே நிற்கும் +11 லென்ஸ் முதலில் செய்வது எல்லாவற்றையும் பெரிதாக்குவது. பவர், கண்ணிலிருந்து அது நிற்கும் தூரம், நடுவிலுள்ள தடிமன் மூன்றும் சேர்ந்து பிம்பத்தை 25 முதல் 30 சதவீதம் பெரிதாக்கும். கால்பங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்வைப் பலகையில் இது நல்லதாகவே தெரியும். எழுத்தே பெரிதாகத் தெரிவதால், கிட்டத்தட்ட ஒரு வரி கூடுதலாக வாசிக்க முடியும். அதாவது இந்தக் கண்ணாடியோடு 6/9 என்று பதிவாகும் பார்வை, பெரிதாக்கல் இல்லாத கண்ணில் ஒரு வரி குறைவான 6/12 அளவுக்குச் சமம். கேஸ் ஷீட்டில் நல்ல எண்ணைப் பார்த்த மருத்துவருக்குத் திருப்தி. வீட்டுக்குப் போன நோயாளிக்குத் திருப்தி இல்லை. இருவர் சொன்னதும் உண்மைதான். பலகை சோதிப்பது, அசையாமல் உட்கார்ந்து நேர் எதிரே பார்க்கும் ஒரு சின்ன இடத்தை மட்டும். அந்த இடத்தில் இந்தக் கண்ணாடி மிக நன்றாகவே வேலை செய்தது.

நடமாடத் தொடங்கினால் கதை வேறு. ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை கணிப்பதற்கு அதன் உருவ அளவு முக்கியமான ஆதாரம். பழக்கமான டம்ளர் கால்பங்கு பெரிதாகத் தெரிந்தால், அது பக்கத்தில் வந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்ளும். அரை மீட்டர் தள்ளியிருப்பது 40 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். கை அந்தக் கணக்கில்தான் நீளும், பொருளுக்கு முன்னாலேயே நின்றுவிடும். என் அப்பத்தா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாரை எப்போதும் டம்ளருக்கு இந்தப் பக்கம், அவர் மடிப்பக்கம்தான் விழும். அந்தப் பக்கம் தாண்டி விழுந்து பார்த்ததில்லை. கை நடுக்கமாக இருந்திருந்தால் எல்லாப் பக்கமும் சிந்தியிருக்க வேண்டும். ஒரே பக்கம் சிந்தியதால்தான் தவறு கையில் இல்லை என்று பிற்பாடு எனக்கு விளங்கியது. கடைசியில் அவர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கையால் டம்ளரின் விளிம்பைப் பிடித்து, செம்பின் வாயை அந்த விரலில் இடிக்க வைத்து ஊற்றுவார். கண்ணை நம்பாமல் விரலை நம்பிய வழி அது. அப்புறம் ஒரு சொட்டும் சிந்தியதில்லை.

இந்தப் பெரிதாக்கல் ஓரளவுக்குப் பழகிப்போகும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மூளை புது அளவுகளுக்கு ஏற்பத் தூரத்தைத் திருத்திக்கொள்ளும். எத்தனை ஆண்டு போட்டாலும் பழகாத கோளாறு ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாததும் அதுதான். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி, வளையம் போல ஒரு பகுதி சுத்தமாகக் காணாமல் போகும்.

ஏன் காணாமல் போகிறது? தடித்த குவிலென்ஸின் ஓரம் ஒரு பட்டகத்தைப் போல் நடந்துகொள்ளும். +11 லென்ஸில் நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இடம் ஒளியைச் சுமார் 12 பாகை உள்நோக்கி வளைக்கும். அந்த ஓரத்தின் வழியே கண்ணுக்கு வந்து சேர்வது, உண்மையில் அந்தத் திசையில் இருக்கும் பொருளின் ஒளி அல்ல. அதைவிட நடுப்பக்கம் இருக்கும் பொருளின் ஒளி. லென்ஸின் விளிம்புக்கு வெளியே, கண்ணாடியே இல்லாத வெற்றிடம் வழியாக வரும் ஒளியோ வளையாமல் நேராக வருகிறது. வளைந்து வரும் கடைசிக் கதிருக்கும் வளையாமல் வரும் முதல் கதிருக்கும் நடுவே ஒரு திசைப்பட்டை விடுபட்டுப் போகிறது. அந்தத் திசையில் இருக்கும் எதன் ஒளியும் கண்மணிக்குள் நுழையவே வழியில்லை. மங்கலாகக்கூட அங்கே எதுவும் தெரியாது. பெரிதாக்கப்பட்ட காட்சி எடுத்துக்கொண்ட கூடுதல் இடத்துக்கான விலையை உலகத்தின் அந்தப் பகுதி கொடுக்கிறது.

இந்த வளையத்தின் அகலத்தை மருத்துவ நூல்கள் சுமார் 15 பாகை என்கின்றன. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். அப்படியானால் ஒன்றரை முஷ்டி அகலத்தில், பார்வையைச் சுற்றிலும் ஒரு வெறுமை. மூன்று மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 80 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு முழு ஆள் அதற்குள் அடங்கிப்போவார். சந்திலிருந்து திரும்பும் சைக்கிளும் முன்பக்கமாகப் பார்த்தால் அடங்கிப்போகும்.

இந்த வளையம் ஒரே இடத்தில் நின்றாலாவது "அங்கே தெரியாது" என்று பழகிக்கொள்ளலாம். கண்ணை அசைத்தால் அதுவும் நகர்கிறது. நகர்வது எதிர்த்திசையில். நேராகப் பார்க்கும்போது அந்த வெறுமை நடுவிலிருந்து 50 பாகைக்கு அப்பால், வெகு ஓரத்தில் இருக்கும். பார்வையை வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்க வெறுமை உள்நோக்கி வந்து எதிர்கொள்ளும். கண் சுழலும் மையம் கண்மணிக்குப் பின்னால், கண்ணின் ஆழத்தில் இருப்பதுதான் காரணம். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியின் விளிம்பு 36, 37 பாகையிலேயே வந்துவிடுகிறது.

வீட்டில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம், கண்ணாடிக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஏதோ நிழலாடுகிறது. அங்கே கண்ணாடியின் உதவி இல்லை என்பதால் உருவம் தெளிவில்லை. யாரென்று பார்க்கக் கண்ணைத் திருப்புகிறார். திருப்பியதும் ஆளையே காணோம், வெறுமை வந்து விழுங்கிவிட்டது. "யாருப்பா அது?" என்று கேட்டுக்கொண்டே பழையபடி நேராகப் பார்க்கிறார். அந்த ஆள் இன்னும் இரண்டடி எடுத்து வைத்து வளையத்தைத் தாண்டியதும், முகத்துக்கு முன்னால் முழு உருவமாக, இயல்பைவிடப் பெரிதாக, திடுமென்று நிற்கிறார். பெரியவர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்கிறார். பேய் பிடித்ததோ, மூளை கலங்கிவிட்டதோ என்று வீட்டார் பயப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் கண்ட காட்சியை அவர் சொன்னபடியே நம்பியிருக்க வேண்டும்.

இதற்கு அன்று சொல்லிக்கொடுத்த ஒரே வைத்தியம், கண்ணை உருட்டாமல் தலையோடு திரும்பிப் பார்ப்பது. தலை திரும்பினால் கண்ணாடியும் கூடவே திரும்பும். பார்ப்பது லென்ஸின் நடுப்பகுதி வழியாகவே நடக்கும். அந்தக் காலத்துச் சோடாபுட்டிக்காரர்கள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தலையை மொத்தமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். அதை மிடுக்கு என்றோ முறைப்பு என்றோ எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தானாகவோ பிறர் சொல்லியோ கற்றுக்கொண்ட பாதுகாப்பு அது.

அடுத்தது வளைவு. இந்த லென்ஸ் நடுவில் பெரிதாக்குவதைவிட ஓரத்தில் அதிகம் பெரிதாக்கும். அதனால் நேர்கோடுகள் நேராக இருப்பதில்லை. நிலைக்கதவின் இரண்டு பக்கச் சட்டங்களும் நடுவில் உள்வாங்கி, மேலும் கீழும் அகன்று தெரியும். கதவு வழியே நுழையும்போது தோள் இடிக்குமோ என்று தயங்கி ஒருக்களித்து நுழைவார்கள். தலையை அசைத்தால் வளைவு அப்படியே நிற்காது, கோடுகள் நெளியும். படி இறங்கும்போது கீழே பார்க்க வேண்டியது லென்ஸின் அடிப்பகுதி வழியாக. அங்கே படியின் விளிம்புக்கோடு வளைந்து, பெரிதாகி, உண்மையைவிடப் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தெரியும். தரை பக்கத்தில் இருக்கிறது என்று நம்பி வைத்த கால் காற்றில் இறங்கும். கீழ்ப்பக்க வெறுமை வளையமும் இதோடு சேர்ந்துகொண்டால் ஒரு படியே காணாமல் போகலாம். இந்தக் கண்ணாடிக்காரர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிகம் பயப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஓரத்துக்குப் போகப் போக வளைவைக் குறைத்துத் தேய்த்த லென்ஸ்கள் பின்னால் வந்தன. கோடுகள் நெளிவது அவற்றில் குறைந்தது. எடையைக் குறைக்க, நடுவில் மட்டும் பவர் வைத்துச் சுற்றிலும் மெல்லிய தட்டையான பகுதி விட்ட வகையும் வந்தது. மூக்குக்கு அது சுகம். ஆனால் பவர் உள்ள வட்டம் சிறுத்ததால் வெறுமை வளையம் இன்னும் உள்ளே வந்துவிட்டது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும் என்ற நிலையில்தான் அந்தக் கண்ணாடி கடைசிவரை இருந்தது.

இவ்வளவும் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கும்போது. அது எப்போதும் சரியாக உட்கார்ந்திருப்பதில்லை. மூக்கில் வியர்த்துக் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் வழுக்கி இறங்கினால், +11 லென்ஸின் பலன் ஏகமாகக் கூடிவிடும். அந்த நிலையில் தெளிவாகத் தெரிவது சுமார் 90 சென்டிமீட்டர் தூரம். தெரு மங்கிப்போகும். சாதாரண +1 வாசிப்புக் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. பவர் கூடும்போது இந்த நகர்வின் பாதிப்பு பவரின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது.

லென்ஸ் இல்லாத கண் கிட்டத்தில் பார்ப்பதற்காகத் தானாகப் பவர் கூட்டிக்கொள்ள முடியாது. அதனால் கிட்டப்பார்வைக்கு இன்னொரு கண்ணாடியோ, கீழ்ப்பகுதியில் கூடுதல் பவரோ வேண்டும். அது கைக்கு வராதவர்கள் இந்த வழுக்கலையே உபாயமாக்கிக்கொண்டார்கள். இலையில் என்ன இருக்கிறது, கையில் இருப்பது எத்தனை ரூபாய் நோட்டு என்று பார்க்கக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்கள். கணக்குப்படி மிகச் சரியான செய்கை. பேப்பர் வாசிக்கும் தூரத்துக்கு மட்டும் அது எட்டாது. அதற்குக் கண்ணாடியை இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும், மூக்கு அவ்வளவு நீளமில்லை.

பிரேமின் ஒரு காது உடைந்து நூல் கட்டிய கண்ணாடிகளை நிறையப் பார்த்திருப்போம். லென்ஸ் 15 பாகை சாய்ந்தால், இல்லாத சிலிண்டர் பவர் முக்கால் டயாப்டர் அளவுக்குப் புதிதாக முளைத்துவிடும். இரண்டு லென்ஸின் நடுப்புள்ளிகளும் கண்மணிகளுக்கு நேராக இல்லாமல் அரை சென்டிமீட்டர் விலகினாலே கண்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். தலைவலி அங்கிருந்து வரும். எல்லோருக்கும் ஒரே அளவில் செய்த +10 கண்ணாடியில் முகத்துக்குத் தக்க நடுப்புள்ளியும் இல்லை, தையல் இழுத்துக் கோணலான கருவிழிக்கு வேண்டிய சிலிண்டரும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் போல் கழித்து, புண் ஆறி நிலைத்தபின் அளந்து கொடுப்பதே முறை. முகாமுக்குத் தொலைவிலிருந்து வந்தவர்கள் அந்த ஆறாவது வாரம் திரும்பி வருவது எல்லா வேளையும் நடக்கவில்லை.

இன்றும் வீடுகளில் "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்கிறார்கள். கண் மருத்துவர்கள் இதை மூடநம்பிக்கை மாதிரிக் கண்டிக்கிறார்கள். என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன நல்ல புத்தி. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்து, மற்றக் கண்ணில் ஓரளவு பார்வை இருந்தால், ஒரு கண் உலகத்தை இயல்பான அளவிலும் மறு கண் கால்பங்கு பெரிதாகவும் காட்டும். இந்த இரண்டையும் மூளையால் ஒன்றாகச் சேர்க்க முடியாது. எல்லாம் இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால்தான் நடமாட்டம். இரண்டு கண்ணும் போன பிறகே கத்தி வைப்பது என்பதற்கு இது வலுவான காரணம். இன்னொரு காரணம், இந்தக் கண்ணாடி தரும் பார்வையே இவ்வளவு கரடுமுரடானது என்றால், ஓரளவு தெரியும் கண்ணைக் கெடுத்து அதை வாங்கிக்கொள்வதில் லாபமில்லை. காரணமாக இருந்த கண்ணாடி வழக்கொழிந்துவிட்டது, அறிவுரை மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது. இன்றைக்கு அதைக் கேட்டுக் காத்திருந்தால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷன்தான் கடினமாகும்.

பிரான்சின் ஓவியர் கிளாட் மோனே இந்த ஒற்றைக்கண் நிலையில் அகப்பட்டவர். 1923இல் அவருடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கண்ணாடி போட்டபின் வடிவங்கள் திரிவதாகவும் நிறங்கள் தப்பாக, நீலம் ஏறித் தெரிவதாகவும் கசந்துகொண்டார். மஞ்சளேறிய லென்ஸை எடுத்துவிட்டால் அதுவரை அது தடுத்துக்கொண்டிருந்த நீல ஒளி முழுக்க உள்ளே வரும், ஆகவே அந்த நிறமாற்றம் உண்மை. இடது கண்ணில் ஆபரேஷன் செய்துகொள்ள அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, ஏழைகளுக்குத் தரக்கூடிய ஆபரேஷன் பெரும்பாலும் இதுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பற்றி அப்போதே உலகுக்குத் தெரியும். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இலேயே அதை வைத்துப் பார்த்துவிட்டார். வெளிநாட்டு லென்ஸின் விலை முகாம் நோயாளிக்கு எட்டாததாக இருந்தது. உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும் புது முறைக்கு நுண்ணோக்கியும் பயிற்சியும் வேண்டும். நேரமும் செலவும் கூடும் ஆபரேஷன் அந்த அளவுக்குப் பலன் தருமா, அதே பணத்தில் இன்னும் நிறையப் பேருக்குப் பழைய முறையில் செய்யலாமே என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது.

மதுரையிலேயே அதற்கு விடை தேடினார்கள். இரண்டு கண்ணும் புரையால் மோசமாகப் பாதிக்கப்பட்ட 3400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பழைய முறை ஆபரேஷனும் தடித்த கண்ணாடியும், மறு பகுதியினருக்குப் புது முறை ஆபரேஷனும் உள்லென்ஸும் கொடுத்தார்கள். 1998இல் முடிவுகள் வெளியாயின. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, பலகை எழுத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் தெரிகிறதா, தூரம் மட்டுப்படுகிறதா, அன்றாட வேலைகள் எப்படி நடக்கின்றன என்று நோயாளிகளையே கேட்டது. இரு தரப்புக்கும் பார்வை நன்றாகவே மீண்டிருந்தது. ஆனால் வாழ்வதற்கு எது உதவுகிறது என்ற கேள்வியில் உள்லென்ஸ் வைத்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். திண்ணையில் திடுக்கிட்டவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதன்பின் ஆய்வு முடிவாகவும் பதிவாயிற்று.

அதற்குள் வேறு இரண்டும் நடந்திருந்தன. 1992இல் மதுரையிலேயே அரவிந்தைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் உள்லென்ஸ் தயாரிக்கத் தொடங்கி, விலை சாதாரண மக்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. 1994இல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் உலக வங்கிக் கடனுதவியோடு கண்புரைத் திட்டம் தொடங்கி, உள்லென்ஸ் முறை பரவலாயிற்று. கண்ணுக்கு உள்ளே, பழைய லென்ஸ் இருந்த இடத்திலேயே புது லென்ஸ் உட்காரும்போது பெரிதாக்கல் ஏறக்குறைய இல்லை. வெறுமை வளையம் இல்லை, கதவு வளையவில்லை. அந்த ஒரு விரல் இடைவெளியை எடுத்துவிட்டதும் அத்தனையும் சேர்ந்தே போய்விட்டது.

கண்ணாடி தொலைந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் அதோடு போயிற்று. பழைய முறையில் ஆபரேஷன் ஆனவரின் கண்ணாடி பஸ்ஸிலோ குளத்துப் படியிலோ விழுந்து உடைந்தால், அவருக்கு ஒன்றிரண்டு மீட்டரில் காட்டும் விரலை எண்ணுவதே பெரும்பாடு. பார்வையற்றவர் என்பதற்கான அளவுகோலுக்குள் அவர் திரும்ப வந்துவிடுவார், ஆபரேஷன் வெற்றி என்ற சீட்டு பெட்டியில் இருக்கும்போதே.

இன்னும் இந்தக் கண்ணாடியோடு இருக்கும் முதியவர்கள் வீட்டில் இருந்தால், சிலவற்றைப் பார்த்துச் செய்யலாம். பவர் சீட்டு இல்லையென்றால், கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகில் பிடித்து முன்பின் நகர்த்துங்கள். ஜன்னலின் தலைகீழ் பிம்பம் சுவரில் 9 அல்லது 10 சென்டிமீட்டரில் தெளிவாக விழுந்தால் அது +10, +11 வகை என்று தெரிந்துவிடும். வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டாம், துணியும் காகிதமும் பொசுங்கும் பவர் அது. வெயில் படும் மேசைமேல் கழற்றி வைக்கவும் வேண்டாம். பிரேம் முகத்தை ஒட்டி, சாயாமல், வழுக்காமல் இருக்கும்படி கடையில் மூக்குத்தாங்கியைச் சரிசெய்து வாங்கினாலே பாதித் தொல்லை குறையும். படி விளிம்புகளில் அடர்நிறக் கோடு போட்டுக் கொடுங்கள். பேச வரும்போது பக்கவாட்டிலிருந்து வராமல் எதிரே வந்து குரல் கொடுங்கள்.

இவர்களில் பலருக்கு இப்போதும் உள்லென்ஸ் வைக்க வழி உண்டு. உறை இல்லாததால் லென்ஸைக் கருவிழிக்குப் பின்னாலுள்ள கதிராளியில் மாட்டியோ கண்ணின் வெள்ளைச் சுவரில் பொருத்தியோ வைக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. பழைய ஆபரேஷனில் கருவிழியின் உட்புறச் செல்கள் மிகக் குறைந்துபோயிருந்தாலோ விழித்திரை பலவீனமாக இருந்தாலோ, இருக்கிற கண்ணாடியே மேல் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அந்தச் சோதனைகளைச் செய்துபார்க்காமல் "இத்தனை வருசம் ஓட்டியாச்சு" என்று விட்டுவிடுவதில்தான் எனக்கு வருத்தம்.

இந்தக் கண்ணாடி முழுக்கப் போய்விடவும் இல்லை. பிறவிப் புரையோடு பிறந்து, சில வார வயதில் ஆபரேஷன் ஆகும் குழந்தைகளுக்கு இன்றும் பெரும்பாலும் இதுதான் தருகிறார்கள். கைக்குழந்தையின் கண் சிறியது, வேகமாக வளர்வது. உள்லென்ஸ் வைத்தால் சில வருடத்தில் பவர் தப்பிப்போகும். சின்னக் கண்ணின் நீளம் குறைவு என்பதால் கண்ணாடியின் பவர் +20ஐத் தாண்டுவது சாதாரணம். குழந்தையின் உலகம் அம்மா முகமும் கையிலுள்ள பொம்மையும்தான் என்பதால், கிட்டத்தில் தெளிவாகத் தெரியும்படி இரண்டு மூன்று டயாப்டர் கூட்டியே எழுதுவார்கள். கண் வளர வளரப் பவர் இறங்கும், சில மாதத்துக்கு ஒருமுறை அளந்து மாற்ற வேண்டும். ஒரே கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு, பிம்ப அளவு வேறுபாடு பழையபடி குறுக்கே நிற்பதால், கருவிழிமேலேயே உட்காரும் கான்டாக்ட் லென்ஸைத்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். அதில் பெரிதாக்கல் 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.